கைக்கு வந்ததே கணக்கு என்னும் மயக்கம்

இணையச் சந்தைகளில் பொருள் விற்போரிடையே ஓர் அபிப்பிராயம் வேரூன்றிவிட்டது. “தளம் தன் கமிஷனைப் பிடித்துக்கொள்கிறது, வரியையும் பிடித்துக்கொள்கிறது, திரும்பி வந்த சரக்கின் பணத்தையும் கழித்துவிடுகிறது, மிச்சம் பேங்கில் விழுகிறது. விழுந்த தொகையே என் விற்பனை, அதற்கே நான் கணக்குச் சொல்வேன்” என்பது அதன் சாரம். கரூரின் படுக்கை விரிப்பு வியாபாரியும் திருப்பூரின் பனியன் வியாபாரியும் இதைச் சொல்கிறார்கள்; அவர்களுக்குக் கணக்கெழுதிக் கொடுப்போரில் சிலரும் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதாலேயே இதை எழுத நேர்ந்தது.

எதிர்க்கட்சியின் நியாயத்தை முதலில் முழுமையாகச் சொல்லிவிடுவோம். கமிஷனாகப் போன பணம் வியாபாரியின் கையில் ஒரு கணமும் தங்கியதில்லை. வாங்குபவர் பணம் கட்டுவது தளத்திடம், வியாபாரிக்குக் கொடுப்பதும் தளமே. ஆகவே தாம் தொட்டறியாத தொகைக்குத் தாம் எப்படிப் பொறுப்பாளி என்று அவர் கேட்கிறார். செட்டில்மென்ட் பட்டியலில் டிசிஎஸ் என்றும் டிடிஎஸ் என்றும் இரண்டு வரிப்பிடித்தங்களை அவர் கண்ணால் காண்கிறார். அரசுக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது என்று நம்புவதற்கு அதைவிட என்ன வேண்டும்? திரும்பி வந்த சரக்கு விற்பனையே அல்ல என்பதும், அதன் பணம் ஏற்கெனவே கழிந்துவிட்டது என்பதும் உண்மை. இவற்றுக்கெல்லாம் மேலாக, மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ள ஒரே ஓர் எண் போதும் என்னும் சௌகரியம் இருக்கிறது. நேர்மையற்றவர்கள் கண்டுபிடித்த தந்திரமாக இதை நான் கருதவில்லை. நேர்மையானவர்களே இதை நம்புகிறார்கள், நம்பி நஷ்டப்படுகிறார்கள்.

விஷயம் அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு மாதக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கரூரில் ஒருவர், ஜிஎஸ்டி பதிவு பெற்றவர், படுக்கை விரிப்பு ஒன்றை 1,000 ரூபாய்க்கும் அதன்மேல் 5 சதவீத வரியாக 50 ரூபாய்க்கும் சேர்த்து 1,050 ரூபாயாக விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 400 விரிப்புகள் அனுப்பினார், 60 திரும்பி வந்தன, நிலைத்தவை 340. அவற்றின் விலை 3,40,000 ரூபாய், வரி 17,000, ஆக 3,57,000. கமிஷன், ஒவ்வோர் ஆர்டருக்குமான நிலைக்கட்டணம், அனுப்பும் கூலி, திரும்பி வந்தவற்றின் கூலி எல்லாம் சேர்த்துத் தளம் எடுத்தது 64,000. அச்சேவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 11,520. விற்பனை மதிப்பில் அரை சதவீதம் டிசிஎஸ் 1,700. வருமான வரிக்காக 0.1 சதவீதம் டிடிஎஸ் 340. இவையெல்லாம் போக அவர் பேங்கில் விழுந்தது 2,79,440 ரூபாய். உண்மையில் மாத இறுதியின் ஆர்டர்களுக்குரிய பணம் மறுமாதமே வந்து சேரும். விளக்கத்தின் எளிமைக்காக எல்லாம் ஒரே மாதத்தில் முடிந்ததாகக் கொள்கிறேன்.

மேற்படி அபிப்பிராயத்தின்படி இந்த 2,79,440 ரூபாயே விற்பனை. அது தவறு என்பதற்கு என் மறுப்புகள் வருமாறு.

முதல் மறுப்பு: நடந்தவை இரண்டு வியாபாரங்கள், அவற்றை ஒன்றாக்க எவருக்கும் அதிகாரமில்லை. வாழைத்தாரையோ வெங்காய மூட்டையையோ கமிஷன் மண்டிக்கு அனுப்பிய குடியானவரைக் கேளுங்கள். மண்டிக்காரர் எழுதித் தரும் பட்டியலில் சரக்கு இன்ன விலைக்குப் போயிற்று என்பது மேலேயும், கமிஷன், இறக்குகூலி, வண்டி வாடகை கழிவுகளாகக் கீழேயும் இருக்கும். கைக்கு வந்தது எண்பதாயிருந்தாலும், “என் சரக்கு நூற்றுக்குப் போயிற்று, இருபது செலவு” என்றுதான் அவர் வீட்டில் சொல்வார். படிப்பறிவில்லாத குடியானவருக்கும் தெளிவாயிருந்த இந்தப் பேதம், திரையில் கணக்குப் பார்க்கத் தொடங்கியதும் எப்படி மறைந்தது என்பதே எனக்கு விளங்காதது. பார்சலின் மேல் ஒட்டியுள்ள பில்லை எடுத்துப் பாருங்கள்: விற்றவர் என்ற இடத்தில் இருப்பது வியாபாரியின் பெயரும் அவருடைய ஜிஎஸ்டி எண்ணும், 1,050 ரூபாய்க்கு விற்றவர் அவரே. தளம் தன் சேவைக்கென அவர் பெயருக்கு வேறொரு பில்லை, 64,000 ரூபாய்க்கு, 18 சதவீத வரியோடு போடுகிறது. அவர் வாடிக்கையாளருக்கு விற்றது ஒன்று, தளத்திடம் சேவை வாங்கியது மற்றொன்று. கொடுக்க வேண்டியதும் வாங்க வேண்டியதும் ஒரே இடத்தில் நேர்ந்ததனால் தளம் நேர்செய்துகொண்டது. நேர்செய்தல் பணம் செலுத்தும் முறையேயன்றி விற்பனையின் அளவைக் குறைக்கும் முறையன்று.

பணம் கையில் தங்கவில்லை என்னும் வாதமும் இதனால் விழுகிறது. வாடகைக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை வீட்டுக்காரரே கடையில் சரக்கெடுத்துக் கழித்துக்கொண்டால், அந்தச் சரக்கு விற்கப்படவில்லை என்று யாரும் சொல்வதில்லை.

இரண்டாம் மறுப்பு: இந்த முறை விற்பனையைக் குறைத்துக் காட்டியும் வரியை அதிகமாகக் கட்ட வைக்கிறது. இதைப் படிப்பவர்கள் நிதானித்துக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில் தம் முறை தமக்கு லாபம் என்ற எண்ணமே பலரை அதில் பிடித்துவைத்திருக்கிறது.

நம் கரூர் வியாபாரி ஒவ்வொரு விரிப்பையும் 600 ரூபாய்க்கும் 5 சதவீத வரிக்கும் வாங்கினார் என்று கொள்வோம். 340 விரிப்புகளுக்குக் கொள்முதல் 2,04,000. அதில் அவர் கட்டிய வரி 10,200. பேங்கில் விழுந்ததே விற்பனை என்பவராயின், 2,79,440 ரூபாயை வரி உள்ளடங்கிய தொகையாக எடுத்து, அதில் அடங்கிய 5 சதவீத வரி 13,307 என்று கணக்கிடுவார். கொள்முதல் வரி 10,200ஐக் கழித்து, 3,107 ரூபாயை ரொக்கமாகக் கட்டுவார். சரியான கணக்கோ வேறு. விற்பனை வரி 17,000; கழிக்க வேண்டியவை கொள்முதல் வரி 10,200 மட்டுமல்ல, தளம் தன் சேவைக்கு வசூலித்த 11,520உம் உள்ளீட்டு வரி வரவாக அவருக்கே உரியது. இரண்டும் சேர்ந்து 21,720. ஆகவே கட்ட வேண்டிய ரொக்கம் ஏதுமில்லை, 4,720 ரூபாய் அடுத்த மாதத்துக்கு வரவாக நிற்கும். டிசிஎஸ்ஸாகப் பிடித்த 1,700உம் அவர் பெயரிலேயே இருக்கும். சேவையின் பில்லைக் கணக்கில் ஏற்றாதவருக்கு அந்தப் பில்லின் வரியைக் கழிக்கும் உரிமை எப்படிக் கிடைக்கும்? செலவைக் கண்ணிலிருந்து மறைத்தவர், செலவோடு வந்த வரவையும் மறைத்துவிட்டார்.

இங்கே ஒரு மெய்யான குறை இருப்பதையும் ஒளிக்கமாட்டேன். 5 சதவீத சரக்கை விற்று 18 சதவீத சேவையை வாங்குபவருக்கு இந்த வரவு மாதா மாதம் சேர்ந்துகொண்டே போகலாம். தலைகீழ் வரிவிகிதத்துக்கான திருப்பித்தரும் சூத்திரம் சேவைகளின்மேல் கட்டிய வரியைக் கணக்கில் கொள்வதில்லை. அது செல்லுமென்று உச்ச நீதிமன்றம் 2021இல் வி.கே.சி. ஃபுட்ஸ்டெப்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது; அதற்கு முன்பே சென்னை உயர் நீதிமன்றத்தின் கருத்தும் அதுவே. சிறு வியாபாரிக்கு இது அநியாயமாகப்படுகிறது என்றால் நான் அவர் பக்கமே நிற்பேன். ஆனால் தேங்கிய வரவு பின்னொரு நாள் அதிக வரியுள்ள சரக்கை விற்கும்போதேனும் உதவும். பதிவே செய்யாத வரவு எந்நாளும் உதவாது.

மூன்றாம் மறுப்பு: பிடித்த வரி, கட்டிய வரி அன்று. தளம் டிசிஎஸ்ஸாகப் பிடித்தது 1,700. விற்பனையின்மேல் எழுந்த வரி 17,000. பத்தில் ஒரு பங்கைப் பிடித்ததும் முழுவதும் தீர்ந்தது என்பது எந்தக் கணக்கு? மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 52ஆம் பிரிவின்கீழ் நடக்கும் இப்பிடித்தம் தொடக்கத்தில் ஒரு சதவீதமாயிருந்து 2024 ஜூலை 10 முதல் அரை சதவீதமாகக் குறைந்தது. குறைந்ததிலிருந்தே இதன் நோக்கம் வசூல் அல்ல, தடயம் என்பது தெரியும். எந்த வியாபாரி எவ்வளவு விற்றார் என்பதைத் தளமே ஒவ்வொரு மாதமும் ஜிஎஸ்டிஆர்-8 என்னும் படிவத்தில், அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள், அரசுக்குச் சொல்லிவிடுகிறது. அதில் எழுதப்படுவது 3,40,000. பேங்கில் விழுந்த 2,79,440 அன்று. நம் வியாபாரி தம் ஜிஎஸ்டிஆர்-1இல், 13,307 வரி போக, 2,66,133 ரூபாயே விற்றதாக எழுதுவாரானால், ஒரே மாதத்தில் 73,867 ரூபாய் வித்தியாசம் இருவருடைய எழுத்திலும் நேருக்கு நேர் நிற்கிறது. 2024 ஜனவரி முதல் ஜிஎஸ்டிஆர்-1இன் 14ஆம் அட்டவணையில் தளத்தின் வழியே விற்றதைத் தளத்தின் ஜிஎஸ்டி எண்ணோடு தனியே காட்ட வேண்டியிருப்பதனால் ஒப்பிடுவது இன்னும் சுலபமாகிவிட்டது.

அந்த 1,700 ரூபாய் தானாக வந்து சேராது என்பதையும் பலர் அறியார். ஜிஎஸ்டி இணையதளத்தில் டிடிஎஸ், டிசிஎஸ் வரவுகளைக் காட்டும் பக்கத்துக்குச் சென்று, தளம் எழுதியதைப் பார்த்து, ஏற்றுக்கொள்வதாகத் தெரிவித்துத் தாக்கல் செய்தால்தான் அது அவருடைய மின்னணு ரொக்கப் பேரேட்டுக்கு வரும். வந்தபின் வரி கட்டப் பயன்படுத்தலாம், மிகுந்தால் திருப்பிக் கேட்கலாம். இந்தப் பக்கத்தை ஒருமுறையும் திறக்காமல், இரண்டு மூன்று ஆண்டுகளின் பிடித்தத்தை அங்கேயே கிடக்க விட்டவர்களின் கணக்குகளை நான் பார்த்திருக்கிறேன். “வரி பிடித்துவிட்டார்கள்” என்று சொன்னவர்களும் அவர்களே.

நான்காம் மறுப்பு: திரும்பிய சரக்கைத் தளம் கழித்தது பணக் கணக்கில், வரிக் கணக்கில் கழிக்க வேண்டியவர் வியாபாரி. மார்ச் 28இல் விற்ற விரிப்பு ஏப்ரல் 9இல் திரும்பி வருகிறது. மார்ச் விற்பனை மார்ச் கணக்கில் நிற்க வேண்டும், அதற்குரிய கிரெடிட் நோட் ஏப்ரலில் எழ வேண்டும். நிதியாண்டே மாறிவிட்டதைக் கவனியுங்கள். பேங்கில் வந்ததை மட்டும் பார்ப்பவருக்கு மார்ச் விற்பனையும் தெரியாது, ஏப்ரல் திருப்பமும் தெரியாது. ஏதோ ஒரு செட்டில்மென்ட் சிறுத்துப் போனதே தெரியும். விற்பனை நடந்த நிதியாண்டு முடிந்து அடுத்து வரும் நவம்பர் 30க்குள், அல்லது ஆண்டு அறிக்கை தாக்கல் செய்வதற்குள், இவற்றில் எது முந்தியதோ அதற்குள் கிரெடிட் நோட்டைக் கணக்கில் காட்டாவிட்டால், திரும்பி வந்த சரக்குக்கும் வரி கட்டியது கட்டியதே.

மாநிலத்தின் பிரச்சினை இதைவிடக் கடினம். 340 விரிப்புகளில் 90 தமிழ்நாட்டுக்குள்ளும் 250 வெளிமாநிலங்களுக்கும் போயின என்றால், 4,500 ரூபாய் மத்திய, மாநில ஜிஎஸ்டிகளாகச் சரிபாதி பிரியும், 12,500 ரூபாய் ஐஜிஎஸ்டியாகும். அதையும் பெங்களூருக்கு இவ்வளவு, கொச்சிக்கு இவ்வளவு என்று மாநில வாரியாக எழுத வேண்டும். பெங்களூரிலிருந்து திரும்பியதைக் கர்நாடகத்தின் தொகையிலிருந்தே கழிக்க வேண்டும். பேங்கில் விழுந்த ஒற்றை எண்ணிலிருந்து இதில் எதைக் கண்டுபிடிக்க முடியும்? அந்த எண் பிழையானது என்பதைவிட, அதிலிருந்து ஜிஎஸ்டிஆர்-1ஐ எழுதவே இயலாது என்பதே பொருத்தமான சொல். எழுதியிருப்பவர்கள் ஊகித்து எழுதியிருக்கிறார்கள்.

திரும்பி வந்தவை எல்லாம் விற்கத்தக்கவையுமல்ல. 60இல் ஐந்து விரிப்புகள் துவைத்தும் கறைபட்டும் வந்து கழித்துக்கட்டப்பட்டால், அவற்றை வாங்கியபோது எடுத்த உள்ளீட்டு வரவு, விரிப்புக்கு 30 ரூபாய் வீதம் 150, திருப்பப்பட வேண்டும் என்கிறது 17(5) பிரிவு. தொகை அற்பம், ஆனால் சேதத்துக்குத் தளம் இழப்பீடு கொடுத்து அதுவும் செட்டில்மென்ட்டோடு கலந்து வந்தால், அதையும் விற்பனையென்று எண்ணிவிடும் குழப்பம் அற்பமன்று. நம் உதாரணத்தின் 64,000 ரூபாய்க் கட்டணத்தில் திரும்பிய 60க்கான கூலி மட்டும் 9,000 என்றால், விற்று நிலைத்த ஒவ்வொரு விரிப்பின்மேலும் ஏறத்தாழ 26 ரூபாய் பாரம் ஏறியிருக்கிறது. எந்த நிறம், எந்த அளவு திரும்புகிறது என்று விசாரிக்க வேண்டிய வியாபாரிக்கு, நிகரத்தொகை அந்தக் கேள்வியே தோன்றாதபடி செய்துவிடுகிறது.

ஐந்தாம் மறுப்பு: வருமான வரியிலும் இந்த அபிப்பிராயம் நிற்காது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 194ஓ பிரிவு 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது; ஒரு சதவீதமாயிருந்த பிடித்தம் 2024 அக்டோபர் 1 முதல் 0.1 சதவீதமாயிற்று, ஆயினும் அது கணக்கிடப்படுவது கமிஷன் கழித்த தொகையின்மேல் அன்று, மொத்த விற்பனையின்மேல். அத்தொகையே ஏஐஎஸ் என்னும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் அவர் பெயருக்கு எதிரே பதிவாகிறது. ஒவ்வொரு மாதமும் இவ்வாறே நடந்தால் அங்கே காண்பது 40,80,000. பேங்கில் காண்பது 33,53,280.

“லாபத்துக்குத்தானே வருமான வரி, மொத்தத்துக்கா?” என்று கேட்டால், லாபத்துக்கே என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லாபத்தை அடைய மேலிருந்து கீழே வர வேண்டும்: விற்பனை 3,40,000, அதிலிருந்து கொள்முதல் 2,04,000, கட்டணங்கள் 64,000, மிச்சம் 72,000; அதிலிருந்து பெட்டி, டேப், கூலி, வாடகை. வரிகள் இதில் கலப்பதில்லை, அவை தனிப் பேரேடு. உத்தேச லாப முறையைத் தேர்ந்தவர் இன்னும் விழிப்பாயிருக்க வேண்டும். பேங்க் வழியாக வந்த விற்றுமுதலில் குறைந்தது 6 சதவீதத்தை லாபமாகக் காட்டச் சொல்லும் அம்முறையில் கமிஷனை மீண்டும் கழிக்க இடமில்லை. 6 சதவீதம் என்பதே எல்லாச் செலவும் போன பிறகு நிற்பதாகச் சட்டம் கருதும் தொகை. 40,80,000க்கு 6 சதவீதம் 2,44,800. நிகரத்தொகைக்குக் கணக்கிட்டால் 2,01,197. முன்னதைக் காட்ட வேண்டியவர் பின்னதைக் காட்டினால், கமிஷனை இருமுறை கழித்தவராகிறார்.

ஆறாவதாக, விளைவு. நோட்டீஸ் உடனே வருவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்தும் வரலாம். அப்போது அதிகாரி கேட்பது, ஜிஎஸ்டிஆர்-8இல் உள்ளதும் உங்கள் கணக்கில் இல்லாததுமான விற்பனைக்கு வரி. நம் வியாபாரிக்கு ஆண்டுக்கு 8,86,400 ரூபாய் விற்பனை விட்டுப்போயிற்று. வரி 44,320, அதன்மேல் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, போதாததற்கு அபராதம். அவர் உடனே, “தளத்துக்குக் கட்டிய வரியில் எனக்கு வர வேண்டியது இருக்கிறதே, அதைக் கழித்துக்கொள்ளுங்கள்” என்பார். மாதம் 11,520 வீதம் ஓராண்டுக்கு 1,38,240 ரூபாய் அவருக்கு உரியதாயிருந்தது உண்மைதான். ஆனால் அதை எடுத்துக்கொள்வதற்கும் அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30தான் எல்லை, அந்நாள் கடந்துவிட்டது. கேட்கும் உரிமை அரசிடம் நிற்கிறது, கழிக்கும் உரிமை அவரிடம் செத்துவிட்டது. ஏமாற்ற நினையாத மனிதர், எண்களில் பார்த்தால் தமக்கே எதிராக ஏமாற்றிக்கொண்டவர், விற்பனையை மறைத்தவர் என்ற பெயரோடு நிற்பதைக் காணும்போது எனக்கு வருகிற கோபம் அவர்மேலன்று; “பேங்கில் வந்ததைப் போட்டால் போதும்” என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள்மேல்.

இனி எஞ்சியிருப்பது சௌகரியம் என்னும் வாதம் ஒன்றே. அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தளம் ஒவ்வொரு மாதமும் மூன்று தாள்களைத் தருகிறது: ஆர்டர் வாரியாக, மாநில வாரியாக, திரும்பியவற்றோடு கூடிய வரி அறிக்கை; கட்டணங்களுக்கான பில்; செட்டில்மென்ட் பட்டியல். முதலாவதிலிருந்து ஜிஎஸ்டிஆர்-1ஐ எழுத வேண்டும்; இரண்டாவதை ஜிஎஸ்டிஆர்-2பியில் வந்திருக்கிறதா என்று பார்த்து வரவெடுக்க வேண்டும்; மூன்றாவதைக் கொண்டு பேங்கை நேர்பார்க்க வேண்டும். நேர்பார்ப்பது கீழிருந்து மேலே: பேங்கில் வந்த 2,79,440உடன் டிடிஎஸ் 340, டிசிஎஸ் 1,700, கட்டணமும் அதன் வரியும் 75,520 என ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் 3,57,000இல் போய் முட்ட வேண்டும். முட்டாவிட்டால், வித்தியாசம் இன்னும் செட்டிலாகாத ஆர்டராயிருக்கும், அல்லது இழப்பீடாயிருக்கும், அல்லது கணக்கில் வராத ஒரு திருப்பமாயிருக்கும். மூன்றில் எதுவென்று ஆர்டர் எண்ணை வைத்துத் தேடினால் அகப்படும். மாதம் 400 ஆர்டர் உள்ளவருக்கு இது அரை நாள் வேலை. தளம் ஜிஎஸ்டிஆர்-8ஐத் தாக்கல் செய்வது 10ஆம் தேதிக்குள், மாதாந்திரத் தாக்கல் செய்பவரின் ஜிஎஸ்டிஆர்-1 11ஆம் தேதிக்குள், ஜிஎஸ்டிஆர்-3பி 20ஆம் தேதிக்குள். தளம் எழுதிய தொகை தம் தொகையோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்து, பிழையானால் தளத்துக்கு எழுதவும் தமதானால் திருத்தவும் இடையில் பத்து நாட்கள் இருக்கின்றன.